சக்கரத்தை மறிப்பவனின் வேலை: பாடசாலை உரைக்குப் பின் கேட்கப்பட்ட கேள்விகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள ஒரு பாடசாலையில் தரம் 8 தொடக்கம் 11 வரையான மாணவர்களிடம் பயிற்சி, தோல்வி, கூட்டு விளையாட்டு ஆகியவை பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருந்தார்கள். எனது உரை நாற்பது நிமிடங்களில் முடிந்துவிட்டது. பிள்ளைகளின் கேள்விகள் அதைவிட நீண்ட நேரம் எடுத்தன. அன்று கேட்கப்பட்டவற்றையும், பின்னர் வேறு பாடசாலைகளின் ஆசிரியர்கள் கேட்டவற்றையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தாட்டம் விளையாடுபவன். பத்தொன்பது வயதில் தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் முள்ளந்தண்டு வடம் நெஞ்சு மட்டத்தில் பாதிக்கப்பட்டது. அதற்குக் கீழே எனக்கு உணர்வும் இல்லை, அசைவும் இல்லை.

"அண்ணா, நீங்கள் ஒரு மெட்ச்சில் எத்தனை பொயின்ட் அடிப்பீர்கள்?"

பெரும்பாலான போட்டிகளில் ஒன்றும் அடிப்பதில்லை. பந்து என் கைக்கு வருவதே குறைவு, வந்தாலும் உடனே கொடுத்துவிடுவேன். எனது வேலை எதிரணி வீரரின் நாற்காலியை மறிப்பது. அதை நாங்கள் 'பிக்' என்று சொல்வோம்.

உரையின்போது இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் செய்து காட்டினேன். நான் விளையாட்டு நாற்காலியில் இருந்தேன். உடற்கல்வி ஆசிரியரை எனது அன்றாடப் பாவனை நாற்காலியில் அமர்த்தி, மண்டபத்தின் மறுமுனையிலிருந்த வாங்குக்குப் போகச் சொன்னேன். அவர் இரண்டு முறை தள்ளியதும், எனது நாற்காலியின் கால்தாங்கி அவருடைய பெரிய சக்கரத்துக்குச் சற்று முன்னால் வரும்படி பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் பலமான மனிதர். உள்ளங்கை வழுக்கும்வரை தள்ளினார்; டயர் சீமெந்துத் தரையில் உரசியதே தவிர நாற்காலி நகரவில்லை. கால்களால் ஓடுபவர் வழியில் ஒருவர் நின்றால் தோளைச் சரித்து ஒரு எட்டில் விலகிவிடலாம். நாற்காலிக்குப் பக்கவாட்டில் நகரத் தெரியாது. பின்னால் வந்து, திரும்பி, சுற்றித்தான் போக வேண்டும். அவர் அப்படிச் சுற்றி வெளியே வருவதற்குள் பிள்ளைகள் ஏழு வரை எண்ணிவிட்டார்கள்.

போட்டியில் பழகிய வீரர் அவ்வளவு நேரம் எடுக்க மாட்டார். ஆனாலும், எங்கள் அணி பந்தை எடுத்துக்கொண்டு முன்னேறும் வேளையில் எதிரணியின் உயரமான தடுப்பாட்டக்காரரை நான் மூன்று நான்கு வினாடிகள் பின்னால் நிறுத்திவிட்டால், கூடைக்கு முன்னால் எங்கள் நால்வருக்கும் அவர்களில் நால்வர்தான் இருப்பார்கள். அந்த நால்வரில் உயரமானவர் இருக்க மாட்டார். எங்கள் உயரமான வீரர் கூடைக்கு அடியில் யாரும் கைநீட்டாமல் பந்தைப் போடுவார். புள்ளி அவருடைய பெயரில் எழுதப்படும். அப்படி எழுதப்படுவதுதான் சரி.

"அடிக்காத ஆளை ஏன் டீமில் வைத்திருக்கிறார்கள்?"

இந்த விளையாட்டின் விதியே என்னைப் போன்றவர் களத்தில் இருக்க இடம் செய்கிறது. ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய உடல் அசைவின் அளவைப் பார்த்து 1.0 முதல் 4.5 வரை ஒரு வகைப்பாட்டு எண் கொடுப்பார்கள். இடையில் அரைப் புள்ளிகளும் உண்டு. வயிறும் முதுகும் தன்வசம் இல்லாத, முன்னால் குனிந்தால் கையை ஊன்றாமல் நிமிர முடியாத ஒருவர் 1.0. ஒரு பாதம் மட்டும் இழந்து, உடலை எல்லாப் பக்கமும் சாய்த்து எடுக்கக்கூடிய ஒருவர் 4.5 ஆக இருக்கலாம். சர்வதேச விதிப்படி, ஒரே நேரத்தில் களத்தில் இருக்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது.

எங்கள் அணியின் வழமையான ஐவரை எடுத்துக்கொள்ளுங்கள்: 4.5, 4.0, 2.5, 2.0, பிறகு நான் 1.0. கூட்டினால் சரியாக 14. நான் வெளியே போய் மாற்று வீரரான இன்னொரு 2.5 உள்ளே வந்தால் கூட்டுத்தொகை 15.5 ஆகிவிடும். அப்போது 4.5 காரரை இருத்திவிட்டு 3.0 காரரை இறக்க வேண்டும், 3.0, 4.0, 2.5, 2.5, 2.0 என்று மீண்டும் 14 வரும். அதாவது, புள்ளி அடிக்காத நான் வராவிட்டால் அதிகம் புள்ளி அடிக்கும் ஆள் விளையாட முடியாது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது பின்வரிசையில் இருந்த ஒரு மகள் விடையை எனக்கு முன்னரே சொல்லிவிட்டாள். பிற்பாடு நான் சொல்லப்போகும் தோல்விக்கும் இதே கணக்குத்தான் அடிப்படை.

"நாங்கள் விளையாடுகிற பாஸ்கெட் போலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?"

கூடையின் உயரம் அதே 3.05 மீற்றர். மைதானம் அதே 28க்கு 15 மீற்றர். பந்து கையில் இருக்கும்போது இரண்டு முறை சக்கரத்தைத் தள்ளலாம். அதற்குள் பந்தை நிலத்தில் தட்டவோ, கொடுக்கவோ, எறியவோ வேண்டும். மூன்றாவது முறை தள்ளினால் பந்து எதிரணிக்குப் போகும். தட்டி நிறுத்திய பின் மறுபடி தட்டலாம், அது பிழையில்லை. நாற்காலி வீரரின் உடலின் ஒரு பகுதியாகவே கணிக்கப்படுவதால், தவறாக வந்து நாற்காலியில் மோதினால் அது உடலில் மோதியதற்குச் சமம். ஆசனத்திலிருந்து உடலைத் தூக்கி எறிவதும் தவறு. மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு, இங்கே விளையாட்டை வளர்த்த வெபர் அடிகளாரின் பெயரில் ஒரு மைதானமே உள்ள ஊரில், மற்றதை நான் விளக்கத் தேவையில்லை.

"ஒவ்வொரு நாளும் என்ன பயிற்சி செய்வீர்கள்?"

பிள்ளைகள் எத்தனை மணித்தியாலம் என்றுதான் முதலில் கேட்டார்கள். ஒன்றரை மணித்தியாலம், வாரத்தில் ஐந்து நாள். ஆனால் நேரக் கணக்கைவிட கொப்பிக் கணக்குத்தான் எனக்குப் பயன்பட்டது. அதை விரிவாகச் சொல்கிறேன்.

தரையில் ஒரு பழைய டயரை வைப்பேன். ஐந்து மீற்றர் தூரத்திலிருந்து வேகமாக வந்து, எனது கால்தாங்கி டயரைத் தொடாமல், ஆனால் அதற்கு முன்னால் ஒரு சாண் இடமும் விடாமல் நிற்க வேண்டும். தொட்டால் போட்டியில் அது எனது தவறு. ஏனெனில் எதிரணி வீரர் நிற்கவோ திரும்பவோ வாய்ப்புள்ள நேரத்தில் நான் அந்த இடத்தைப் பிடித்திருக்க வேண்டும், ஓடிவந்து அவர்மேல் ஏறக் கூடாது. தள்ளி நின்றால் அவர் இடைவெளியால் போய்விடுவார். இருபது முறை செய்வேன், எத்தனை சரி என்று எழுதுவேன். முதல் வாரத்தில் ஆறுக்கு மேல் வரவில்லை. இரண்டு மாதத்தில் பதினேழு வந்தது. எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஆனால் டயருக்குப் பதிலாக ஒரு நண்பர் நாற்காலியில் அசையத் தொடங்கியதும் பதினேழு மறுபடியும் ஐந்தாகிவிட்டது. கைகளின் பலத்தை நொந்துகொண்டு, ஒரு மாதம் முழுவதும் வேகத்துக்கான பயிற்சியையே செய்தேன். ஒன்றும் மாறவில்லை. அதன் பிறகுதான் பயிற்றுவிப்பாளர் கொப்பியில் இன்னொரு நிரலைக் கீறச் சொன்னார்: ஒவ்வொரு பிழைக்கும் ஏன் பிழைத்தது என்று ஒரே சொல்லில் எழுத வேண்டும். 'பிந்தினேன்', 'கோணம்', 'பார்க்கவில்லை' என்ற மூன்று சொற்கள் போதுமாக இருந்தன. இரண்டு வாரக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது பாதிக்கு மேல் 'பார்க்கவில்லை' என்றிருந்தது. நான் மெதுவாக வரவில்லை. அவர் எந்தப் பக்கம் திரும்பப்போகிறார் என்பதைக் காணாமல் பந்தையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு விடை அவருடைய கையில் இருக்கிறது. நாற்காலியில் இடப்பக்கம் திரும்புபவர் முதலில் இடது சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவார். பிறகுதான் வலது கை தள்ளும். முகமும் தோளும் ஏமாற்றலாம். பிடிக்கும் கை ஏமாற்றுவது கடினம். அந்தக் கையைப் பார்க்கப் பழகியதும், என் வேகம் கூடாமலே எண்ணிக்கை ஏறியது. ஒரு மாதத்தைத் தவறான பயிற்சியில் போக்கினேன் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன்.

"வெயிலில் எப்படி விளையாடுகிறீர்கள்?"

கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஆறு மணிக்கோ மாலை நாலரைக்குப் பிறகோதான் சீமெந்து மைதானத்தில் இறங்குவோம். காரணம் வெறும் களைப்பு அல்ல. முள்ளந்தண்டு வடம் அவ்வளவு உயரத்தில் பாதிக்கப்பட்டவரின் உடலில் பாதிப்புக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காது. எனக்கு முகமும் கழுத்தும் தோளும் மட்டுமே வியர்க்கும். ஆகவே மற்றவர்களைவிட வேகமாக உடல் சூடேறும். தலை சுற்றும், பேச்சுக் குழறும். வியர்வை செய்ய வேண்டிய வேலையைத் தண்ணீர்தான் செய்ய வேண்டும் என்பதால், தெளிக்கும் போத்தலொன்றை நாற்காலியின் பின்னால் கட்டிவைத்து, ஓய்வு நேரத்தில் கைகளிலும் கழுத்திலும் தெளித்துக்கொள்வேன்.

"நீங்கள் மறக்காத தோல்வி எது?"

நான் விளையாடாத போட்டி.

வேறு மாவட்டத்தில் ஒரு சுற்றுப்போட்டி. சனிக்கிழமை காலை முதல் ஆட்டம். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இரவு, வழக்கம்போல் கைக்கண்ணாடியை வைத்து முதுகுக்குக் கீழே தோலைப் பார்த்தபோது, வலப்பக்க இருக்கை எலும்பின் மேல் பத்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு சிவப்பு அடையாளம் இருந்தது. எனக்கு அங்கே உணர்வில்லை. வலி சொல்லித் தராது, கண்ணாடி மட்டும்தான் சொல்லும். விரலால் அழுத்தினேன், வெளிறவில்லை. அது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அழுத்தப் புண்ணின் தொடக்கம்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்னொருவரைப் பழக்கிவிடுவார்கள், பிறகு எனது இடம் போய்விடும் என்று பயந்தேன். நான்கு மாலையும் பயிற்சிக்குப் போனேன். அது கச்சான் காலம். வெப்பத்துக்குப் பயந்து வழமையைவிட அதிகமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டேன். அந்தத் தண்ணீர் வழிந்து காற்சட்டையின் பின்பக்கத்தை நனைத்தது, நனைந்த துணியின் மேல் ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். ஈரத்தில் ஊறிய தோல் அழுத்தத்தைத் தாங்காது. அந்தக் காற்சட்டையின் பின்பையில் தடித்த தையலும் இருந்தது. வெள்ளிக்கிழமை ஏழெட்டு மணித்தியால வான் பயணம். சனிக்கிழமை காலையில் நாற்காலி மெத்தையின் உறையில் ஈரக் கறையைக் கண்டவர் எங்கள் 4.5 காரர்தான். தோல் உடைந்திருந்தது. அதன் பிறகு விளையாடுவது பற்றிப் பேச இடமில்லை.

மிகுதிக் கணக்கை மேலே எழுதிவிட்டேன். என்னை இருத்தினால் அவரையும் இருத்த வேண்டும். எனது இடத்துக்கு வந்த 2.5 காரர் நல்ல வீரர், ஆனால் 4.0 காரருக்காக மறித்து ஒரு நாளும் பழகாதவர். முதற் பாதியில் மூன்று முறை இருவரும் ஒரே இடத்துக்கு வந்து, ஒருவர் சக்கரத்தை மற்றவர் மறித்துக்கொண்டார்கள். ஒன்பது புள்ளிகளால் தோற்றோம். திரும்பும் வழியில் பயிற்றுவிப்பாளர் ஒன்று மட்டும் சொன்னார்: "திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் அவர்கள் இரண்டு பேரையும் பழக்க எனக்கு நான்கு மாலை கிடைத்திருக்கும்." புண் வந்ததற்கு என்னைக் குறை சொல்லவில்லை. அந்த நான்கு மாலைகளைப் பற்றித்தான் சொன்னார். நான் ஏழு வாரம் குப்புறப் படுத்திருந்தேன்.

"அப்படிப் புண் வரப்போகிறது என்று எப்படித் தெரியும்?"

இதைக் கேட்ட மாணவனின் தாத்தா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். அசைய முடியாமல் இருக்கும், படுத்திருக்கும் எவருக்கும் இது வரலாம்; ஆகவே சற்று விளக்கமாகவே சொன்னேன்.

எலும்பு தோலை அழுத்தும் இடங்களில், அதாவது இருக்கை எலும்பு, வால் எலும்பு, இடுப்பின் பக்கம், குதிக்கால் ஆகியவற்றில் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் அந்த இடத்தின் மீதுள்ள பாரத்தை எடுத்துவிட்டு அரை மணித்தியாலம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நிறம் மறைந்தால் நல்லது. மறையாமல், விரலால் அழுத்தியும் வெளிறாமல் இருந்தால் தோலின் அடியில் பாதிப்புத் தொடங்கிவிட்டது. எங்களுடைய கறுத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாக, சூடாக, அல்லது தொட்டால் கடினமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. அதன் மேல் இருக்கவும் படுக்கவும் கூடாது. தோல் உடைந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாற்காலியில் இருப்பவர் பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒரு தடவை முன்னால் சாய்ந்தோ பக்கம் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிடம் அந்த இடத்துக்கு ஆறுதல் கொடுக்க வேண்டும். எனது உரையின் நடுவிலும் இரண்டு தடவை மேசையில் கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்தேன். நான் களைத்துவிட்டேன் என்று நினைத்து ஒரு மிஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

"விளையாடும்போது விழுவீர்களா? விழுந்தால் யார் தூக்குவார்கள்?"

அடிக்கடி விழுவோம். பின்னால் ஒரு சிறு சக்கரம் இருப்பதால் மல்லாந்து விழுவது குறைவு. மோதலில் பக்கமாகவும் முன்னாலும் விழுவதுதான் அதிகம். பட்டியால் கட்டியிருப்பதால் நாற்காலியும் கூடவே வரும். வயிற்றுத் தசை உள்ளவர் கையை ஊன்றித் தாமே எழுந்துவிடுவார். என்னால் முடியாது, அணியினர் இருவர் வந்து நாற்காலியோடு நிமிர்த்துவார்கள்.

"எங்கள் பாடசாலையிலும் இப்படி ஒருவரைப் பேச அழைக்க விரும்புகிறோம். முன்கூட்டி என்ன செய்ய வேண்டும்?" (ஓர் உப அதிபர்)

மேடையில் ஏற்ற வேண்டாம். நாற்காலியோடு நால்வர் தூக்குவது ஆபத்தானது, பேச வந்தவருக்குக் கூச்சமும் தரும். தரையில் பேச வைத்து, பிள்ளைகளைச் சுற்றி இருத்துங்கள். வாசலில் படி இருந்தால், உயரத்தின் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வுப் பாதை தேவை. 15 சென்றிமீற்றர்ப் படிக்கு 1.8 மீற்றர். அதைவிடக் குறுகிய பலகையை வைத்தால் நாற்காலி பின்னால் கவிழலாம். வாசலிலிருந்து மண்டபம்வரை மணலாக இருந்தால் முன் சக்கரங்கள் புதைந்துவிடும். வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரைப் பாடசாலைகள் பலவற்றில் எனக்கு இதுவே பெரிய தடையாக இருந்தது. கழிப்பறையின் கதவு அகலத்தை அளந்து, தொலைபேசியில் முன்னரே சொல்லிவிடுங்கள். விருந்தினர் அதைக் கேட்கத் தயங்குவார்.

"எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை சக்கர நாற்காலியில் இருக்கிறார். விளையாட்டுப் பாடத்தில் அவரை எப்படிச் சேர்ப்பது?" (ஓர் ஆசிரியை)

முதலில் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள், மிஸ். கேளாமல் யாரும் பின்னாலிருந்து நாற்காலியைத் தள்ள வேண்டாம் என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

வைத்தியசாலையில் தரும் வழமையான நாற்காலியில் மோதி விளையாட விடக் கூடாது. அதன் சக்கரங்கள் நேராக நிற்பதால் வேகமாகத் திரும்பினால் கவிழும். விளையாட்டு நாற்காலியில் சக்கரங்களின் அடிப்பகுதி வெளியே விரிந்திருப்பது அதற்காகத்தான். ஆனால் பந்து கொடுத்து வாங்கும் பயிற்சி, கூடைக்கு எறிதல், தடைகளுக்கிடையே ஓட்டுதல் ஆகியவற்றை அதே நாற்காலியில் செய்யலாம். கூடையைத் தாழ்த்திக் கட்டுங்கள். சிறிய பந்தைக் கொடுங்கள். பிரேக்கைப் போட்டுவிட்டு எறியச் சொல்லுங்கள். கூடைக்கு ஒன்றரை மீற்றர் தூரத்தில் தொடங்கி, பத்தில் ஆறு விழும் நாளில் அரை மீற்றர் பின்னால் போகட்டும். எண்ணிக்கையை அவரே எழுதட்டும். புள்ளி எழுதுபவராகவோ நேரம் பார்ப்பவராகவோ அவரை இருத்திவிட்டு, சேர்த்துக்கொண்டோம் என்று நினைக்காதீர்கள். மரத்திலிருந்து விழுந்த பிறகு என்னைப் பல வருடம் அப்படித்தான் இருத்தியிருந்தார்கள்.

"அந்த 4.5 அண்ணா உங்களோடு கோபமா?"

கூட்டம் கலையும்போது தரம் 8 மாணவி ஒருத்தி நாற்காலியின் அருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் இதைக் கேட்டாள்.

கோபம்தான். மூன்று வாரம் கதைக்கவில்லை. நாலாவது வாரம் வீட்டுக்கு வந்தார்; நான் குப்புறப் படுத்திருந்ததால் முகத்தைப் பார்க்கத் தரையில் உட்கார வேண்டியிருந்தது. தனது செயற்கைக் காலைக் கழற்றி, முழங்காலுக்குக் கீழே உறை உராய்ந்து தோல் உரிந்திருந்த இடத்தைக் காட்டினார். அதே சுற்றுப்போட்டிக்கு அவரும் அதை மறைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். இப்போது ஒவ்வொரு மாலையும் டயரின் காற்றைப் பார்ப்பதற்கு முன்னால், அவர் எங்கள் எல்லோரிடமும் வரிசையாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்: "தோல் எப்படி?" கொப்பியில் அதற்கும் ஒரு நிரல் இருக்கிறது.